ராஜா கட்சி

புனேயின் பழைய பேட்டைகளில், வாடா என்று சொல்லும் நடுமுற்றம் வைத்த வீடுகளில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாருக்கும் சொந்தமாக ரேடியோ தேவைப்பட்டதில்லை. கீழ்க்கட்டில் ஒருவர் திருப்பினால் மாடியில் நாலு குடும்பம் கேட்கும். ரசனை கெட்ட ஆளாக இருந்தால் நாலு குடும்பமும் சேர்ந்து அவதிப்படும். சதாசிவ பேட்டையில் ஒரு வாடாவின் மாடி அறையில், மூன்று தமிழ்ப் பிரம்மச்சாரிகள் ஒரே ஸ்டவ்வில் சாதமும் சாம்பாரும் முறை வைத்துப் பொங்கிக்கொண்டிருந்த எண்பதுகளின் தொடக்கத்தில், எங்களுக்கு மராட்டி வந்து சேர்ந்தது இப்படித்தான். பாதி பால்காரரிடமிருந்தும் பாதி கீழ்வீட்டு ரேடியோவிலிருந்தும். பால்காரரிடம் கற்ற மராட்டியில் கடன் சொல்ல முடியும், ரேடியோ மராட்டியில் காதலிக்க முடியும். இரண்டையும் கலக்கத் தெரியாமல் நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

அந்த ரேடியோவில் அடிக்கடி வந்த பாட்டு ஒன்று. 'பாதுகலீச்யா கேளாமதலீ' என்று தொடங்கும். மங்கேஷ் பாட்காவ்கர் எழுதி, யஷ்வந்த் தேவ் இசையமைத்து, அருண் தாதே பாடியது. மராட்டியில் இந்த வகைக்கு பாவகீதம் என்று பெயர். சினிமாவுக்காக இல்லாமல், கவிதையை மெட்டில் உட்காரவைத்து வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் மேடைக்கும் பாடுவது. நம் பக்கம் மெல்லிசைப் பாடல் என்று வானொலியில் கொஞ்ச காலம் வாழ்ந்து மறைந்ததே, அதற்கு மராட்டியில் அரண்மனை வாழ்வு கிடைத்தது. தாதே துணி ஆலை இன்ஜினியர். இந்தூர்க்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று தெரிந்து பாடுகிறவர் போலப் பாடுவார். அதனாலேயே அவர் சொன்னதை எல்லாம் நாங்கள் அப்படியே நம்பினோம். சத்தம் போடுகிறவன்தான் பொய் சொல்லுவான் என்கிற எண்ணம் அந்த வயதில் எல்லோருக்கும் உண்டு.

பாட்டின் கதை சின்னது. சொப்பு வைத்து விளையாடும் விளையாட்டில் ஒரு ராஜா, ஒரு ராணி. ஆட்டம் பாதியில் நின்றுபோகிறது. ராஜா ஏதோ சொல்கிறான், ராணி ஏதோ சொல்கிறாள், அவள் போய்விடுகிறாள், அவன் பாடிக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான். எங்கள் அறையில் மூவரும் ராஜா கட்சி. ஊரில் விட்டுவந்த மாமன் மகளோ, ராஸ்தா பேட்டைக் கோயிலில் கண்ணால் மட்டுமே பழகிய பாலக்காட்டுப் பெண்ணோ, ஆளுக்கொரு ராணி கணக்கில் இருந்தாள். தாதே பாடப் பாட, விதி எப்பேர்ப்பட்ட கொடுமைக்காரி என்று மாடியில் மூன்று பெருமூச்சு கிளம்பும். அந்தப் பெண்களில் ஒருத்திக்காவது எங்களில் யார் எந்தப் பெயர் என்று தெரிந்திருக்குமா என்பதை இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. ஆனால் பெருமூச்சு நிஜம். அதில் கலப்படம் இல்லை.

இந்தக் கட்சியை உடைத்தவர் கீழ்வீட்டு காக்கூ. வீட்டுக்காரர் மனைவி. ஒன்பது கெஜப் புடவை, மூக்கில் நத்து, வாயில் நறுக்கு. ஒரு குளிர்கால மத்தியானம், முற்றத்துத் துளசி மாடத்தின் நிழலில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேத்தி, துளசிபாக் கடைவீதியில் வாங்கிய பித்தளைச் சொப்புகளைப் பரப்பிவைத்துச் சமையல் செய்துகொண்டிருந்தாள். கட்டைவிரல் உயர அடுப்பு, அதன்மேல் ஒரு பாத்திரம், சப்பாத்திப் பலகை, உருட்டுக் கட்டை, சுற்ற முடிகிற கைப்பிடியோடு ஒரு திரிகை. சின்னதே தவிர எதுவும் பொம்மை இல்லை. உரித்த பட்டாணியில் இரண்டைப் பேத்தி திருடி உலையில் போட்டாள். அந்த நேரம் பார்த்து ரேடியோவில் அந்தப் பாட்டு. நான் படியில் உட்கார்ந்து வழக்கம்போல முகத்தைத் தொங்கப்போட்டேன்.

"ஏன் பாபா, உன் வீட்டில் யாராவது போய்விட்டார்களா?" என்றார் காக்கூ.

"ராஜா பாவம், காக்கூ."

"என்ன பாவம்? சாங்கித்லம் நா தினே!" என்றார். அவள்தான் சொல்லிவிட்டாளே என்று அர்த்தம். "சொன்னதைக் காதில் வாங்காமல் பிறகு விதி விதி என்று அழுதால்?" தோலை ஒரு பக்கமும் பட்டாணியை ஒரு பக்கமும் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இலக்கிய விமர்சகர் வேன் பூத், நம்பத்தகாத கதைசொல்லி என்ற கருத்துக்கு 1961இல் பெயர் சூட்டினார். கதையைச் சொல்கிறவனே கதையை வளைக்கிறான், அவன் அறியாமலே தன்னைக் காட்டிக்கொடுக்கிறான் என்பது அதன் சாரம். பல்கலைக்கழகங்கள் அதைப் பாடமாக வைத்துப் பக்கம் பக்கமாக எழுதின. காக்கூவுக்கு அரைத் தட்டுப் பட்டாணி போதுமாக இருந்தது. எனக்குத்தான் அந்த ஒரு வாக்கியம் ஜீரணமாகப் பல வருஷம் ஆயிற்று. அதற்குள் கேசட் வந்தது. பாட்டை நிறுத்தலாம், திருப்பலாம், நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றலாம். ரேடியோ கதையைத் தன் இஷ்டத்துக்குச் சொல்லிவிட்டுப் போகும். கேசட்டில்தான் சாட்சியை மறுபடி கூண்டில் ஏற்ற முடிந்தது.

ஏற்றிப் பார்த்தால் முதல் சரணத்திலேயே சிக்குகிறான். ராஜா வாய் திறந்து சொல்லும் முதல் விஷயம், சொற்கள் இல்லாத பாஷை தனக்குப் புரிந்துவிட்டது என்பது. அவள் கைரேகைகள் தன் அதிர்ஷ்டத்தோடு பேசிக்கொள்வதாக வேறு பெருமைப்படுகிறான். அடுத்த வரியில் ராணியின் கண் நிறைகிறது. உடனே கேள்வி வருகிறது, ஏன் அவள் கண்ணில் நீர் என்று. சொல்லில்லாத பாஷையில் கண்ணீரைவிட எளிய எழுத்து எது? அது அவனுக்கு வாசிக்க வரவில்லை. புரிந்தது என்று அவன் சொன்னதையும், புரியவில்லை என்று பாட்டு காட்டுவதையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல மெட்டு பல்லவிக்குத் திரும்பிவிடுகிறது. பல்லவியோ ஆட்டம் நின்றது என்று மட்டும் சொல்லும். யார் கலைத்தார் என்று சொல்லாது.

இரண்டாம் சரணம் ராணியுடையது. அவள் எங்கோ தூரத்து நட்சத்திரத்தைப் பார்த்தபடி பேசுகிறாள். நாளை விடிந்தால் தான் வேறு வழியில், வேறு ஊர்க் காற்றில் என்று தேதி போட்டுச் சொல்கிறாள். இதைவிடத் தெளிவாக ஒரு பெண் எப்படிச் சொல்வது? பஸ் நம்பர்தான் சொல்லவில்லை. ஆனால் கதைசொல்லி இந்தத் தகவலை என்ன செய்கிறான் பாருங்கள். அதை ஒரு புதிரான, தவிர்க்கவே முடியாத வாக்கு என்று பட்டம் கட்டி, ராஜாவுக்கு அது தாமதமாகத்தான் விளங்கியது என்கிறான். நேர்ப்பேச்சை அசரீரியாக்கிவிட்டால், கேட்காதது குற்றமாகாது. அசரீரி யாருக்குத்தான் உடனே புரிகிறது?

மூன்றாவதில்தான் அவன் மறைப்பது முழுசாக வெளியே வருகிறது. இன்னும் அவள் எதிரே நிற்கிறாள். கேட்க நேரம் இருக்கிறது. ஏன் போகிறாய், யார் அனுப்புகிறார்கள், உனக்குச் சம்மதமா, நானும் வரட்டுமா, உன் அப்பாவிடம் நான் பேசிப் பார்க்கட்டுமா என்று எத்தனையோ இருக்க, ராஜா கேட்பது தத்துவம். உயிர்கள் ஏன் இப்படிப் பிணைய வேண்டும், தெய்வம் ஏன் இப்படிப் பறித்துவிட வேண்டும் என்று. இதற்கு ராணியிடம் பதில் இல்லை, பாவம் என்று கதைசொல்லி இரக்கப்படுகிறான். பதில் எப்படி இருக்கும்? கேள்வி அவளுக்கு உரியதே இல்லையே, தெய்வத்தின் முகவரிக்குப் போக வேண்டியது. ராஜா சொன்னதும் கேட்டதும் பாட்டில் இருக்கின்றன. அவன் செய்தது என்று ஒன்றுகூட இல்லை. சாட்சி சொல்ல வந்தவன், தான் அன்றைக்கு என்ன செய்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டால், வக்கீல் அங்கேதான் மூக்கை நுழைப்பார்.

நான்காவதில் முகமூடி நழுவுகிறது. இவ்வளவு நேரம் ராஜா, ராணி என்று மூன்றாம் மனிதர் கதை. கடைசியில் இரண்டு கேள்வி வருகிறது. விலகிப் போகும்போது அவள் ஏன் கண்ணை மூடினாள், அவள் பாட்டைப் பாடும்போது ராஜாவுக்கு ஏன் மூச்சு அடைத்தது என்று. ராஜா பாடுகிறானா? அப்படியானால் இத்தனை நேரம் நம் காதில் பாடிக்கொண்டிருப்பவர் யார்? யாரோ இரண்டு பேர் கதை என்று ஆரம்பித்த அந்த நல்ல மனிதர்தான் ராஜா. தன் கதையையே ஊர்க்கதை மாதிரி, அதுவும் குழந்தைகள் விளையாட்டு மாதிரிச் சொல்லியிருக்கிறார். சொப்பு விளையாட்டில் யாரும் பொறுப்பாளி இல்லை, சாயங்காலம் அம்மா கூப்பிட்டால் ஆட்டம் கலையும், அவ்வளவே. ஆனால் அதிர்ஷ்டமும் தெய்வமும் பேசுகிறவர்கள் சொப்பு விளையாடும் வயதுக்காரர்கள் இல்லை. வயதைக் குறைத்துச் சொன்ன இடத்தில்தான் குற்றமும் குறைக்கப்பட்டிருக்கிறது.

நமக்கு இது புதிதாகவே இருந்திருக்கக் கூடாது. சங்க அகப்பாட்டில் கவிஞர் தானாக வந்து பேசும் வழக்கமே கிடையாது. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, எல்லாம் யாரோ ஒருவர் வாய்ச்சொல். தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியமே சட்டம் போட்டது. ராஜா, ராணி என்பதுபோலவே அங்கேயும் பெயரில்லாத இருவர். ஆனால் பழைய உரைகாரர்கள் கெட்டிக்காரர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே யார், யாரிடம், எந்த வேளையில் சொன்னது என்று ஒரு குறிப்பு வைத்தார்கள். தலைவன் வேலிப்புறத்தில் ஒளிந்து நிற்கையில் அவன் காதில் விழட்டும் என்று தோழி தலைவியிடம் சொல்வதாகக்கூடத் துறை உண்டு. அந்தப் பாட்டில் தோழி சொல்வதை எல்லாம் எழுத்துக்கு எழுத்து நம்புகிறவன் வாசகன் இல்லை, அப்பாவி. பாட்காவ்கர் பாட்டுக்குக் கீழே அப்படி ஒரு குறிப்பு எழுதினால், 'போகவிட்ட தலைவன், தன் பிழை தோன்றாதபடி, கேட்போர்க்குப் பிறர்கதை போல உரைத்தது' என்று எழுதலாம். பள்ளியில் இந்தத் துறைகளை எல்லாம் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன்தான் வாடா படியில் உட்கார்ந்து ராஜாவுக்காக மூக்கைச் சிந்தினேன். ரேடியோ பாட்டுக்கும் அது செல்லும் என்று எந்தத் தமிழாசிரியரும் சொன்னதில்லை.

இப்போது அந்த வாடா இல்லை. அந்த இடத்தில் ஆறு மாடி எழும்பி, லிஃப்ட்டில் ஆள் ஏறினால் ஒரு பெண் குரல் கதவை மூடச் சொல்கிறது. சுவர்கள் கெட்டி. பக்கத்து வீட்டுக்காரர் என்ன பாட்டுக் கேட்கிறார் என்பது அவர் காதுக்கும் அவர் போனுக்கும் இடையிலான ரகசியம். பாட்டு ஓடும்போதே வரிகள் திரையில் நகர்கின்றன, எங்கள் பால்காரர் மராட்டி தயவே வேண்டாம். எத்தனை பெரிய வசதி! முதல் சரணத்தின் முரண்பாட்டைக் கண்டுபிடிக்க நான் கேசட்டைத் தேய்த்த இடத்தில், இன்றைய பிள்ளைகள் கண்ணாலேயே பிடித்துவிடலாம். ஆனால் அவர்கள் இரண்டாம் சரணம் வரை இருப்பதில்லை. ராணி பேசுமுன் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுகிறார்கள். ராஜாவின் வேலையை விரலே செய்துவிடுகிறது.

காதல் தோல்விப் பாட்டும் தன் பங்குக்கு முன்னேறிவிட்டது. 2011 நவம்பரில் தனுஷ் எழுதிப் பாடி, அனிருத் இசையில் 'ஒய் திஸ் கொலவெறி டி' வெளிவந்தபோது, புனேயில் தமிழ் ஒரு சொல் தெரியாத கல்லூரிப் பிள்ளைகள் டெக்கான் பக்கத்து டீக்கடைகளில் மேசையைத் தட்டிப் பாடினார்கள். எங்கள் அலுவலகத்தில் மராட்டிப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "காகா, கொலவெறி என்றால் என்ன?" என்றான். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது யாருக்கு? அவளுக்கா, இவனுக்கா?" என்றான். அந்தக் கேள்விக்காக அவனுக்கு ஒரு கட்டிங் டீ வாங்கிக் கொடுத்தேன். வெறி அவளுக்கு என்று பாட்டு பூராவும் புகார், ஆனால் அவள் என்ன செய்தாள் என்று ஒரு சம்பவம்கூடக் கிடையாது. கையில் கோப்பை. இது சூப் பாட்டு, ஓடாத பாட்டு என்று முன்கூட்டியே தன்னைத்தானே கேலி செய்துகொண்டு விடுகிறான். தன்னைக் கேலி செய்கிறவனைக் குறுக்கு விசாரணை செய்ய யாருக்கும் மனசு வராது. ராஜா கண்ணியத்துக்குப் பின்னால் ஒளிந்தான், இவன் கோமாளித்தனத்துக்குப் பின்னால் ஒளிகிறான். மறைப்பது இருவரும் ஒன்றையே. அவள் பக்கத்துக் காரணம்.

யோசித்தால் பின்னதே நாணயமானது என்றுகூடத் தோன்றுகிறது. அவன் குடித்திருக்கிறான் என்பது கேட்கிறவனுக்குத் தெரியும், தள்ளுபடி போட்டுக் கேட்கலாம். தாதேயின் குரலுக்கு யார் தள்ளுபடி போடுவார்? யஷ்வந்த் தேவ் சொல்லுக்கு முதலிடம் தரும் பாடுமுறையை வாழ்நாள் முழுக்க வலியுறுத்தியவர், அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். மெட்டு சொல்லை மறைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஆகவே இந்தப் பாட்டில் ஒரு சொல்லும் மெட்டுக்குள் அமுங்குவதில்லை, எல்லாம் பளிச்சென்று விழுகிறது. சொல்லாமல் விட்டதுதான் மறைவில் இருக்கிறது. ஜங்லி மகாராஜ் சாலையில் 1968இல் திறந்த பாலகந்தர்வ ரங்கமந்திரில் தாதே பாடக் கேட்டிருக்கிறேன். இடைவேளையில் கேன்டீன் உருளைக்கிழங்கு வடைக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற பெண்கள் இரண்டு பேர் ராணியை எந்த ஊரில் கட்டிக்கொடுத்திருப்பார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் குரலைப் பற்றிப் பேசினார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும், இந்த விளையாட்டுக்கும் எல்லை உண்டு. ராணிக்குக் கல்யாணம் என்று பாட்டு எங்கேயும் சொல்லவில்லை. வேறு ஊர்க் காற்று என்றதும் நாம்தான் நாதஸ்வரத்தைச் சேர்த்துக்கொள்கிறோம். வேலை கிடைத்துப் போயிருக்கலாம். இவனே வேண்டாம் என்றும் போயிருக்கலாம். அந்த நட்சத்திரத்தை அவள் ஏக்கத்தோடு பார்த்தாளா, விடியலுக்கு எத்தனை நேரம் என்று பார்த்தாளா என்பதற்குச் சாட்சியம் இல்லை. அதேபோல ராஜா வேறு, பாட்காவ்கர் வேறு. பாட்டில் ராணியைக் கண்டவுடன் கவிஞரின் வாழ்க்கையில் அவள் யார் என்று வீடு வீடாகத் தேடுகிற பழக்கம் இப்போது ரொம்ப அதிகம். ராஜாவின் புளுகு அடுத்த வரியிலேயே பிடிபடும்படி கண்ணீரையும் தேதியையும் அங்கே வைத்தவர் அந்தக் கவிஞர்தான். அவர் ராஜா கட்சி இல்லை என்பதற்கு எனக்கு அது ஒன்றே போதும். பாடியவர் ராஜாவுக்காக வாதாடினார், எழுதியவர் ராணிக்காகத் தடயம் விட்டுவைத்தார். பாட்டு இத்தனை வருஷம் நிற்பது இந்த இழுபறியால்தான் என்பது என் கட்சி.

பாட்காவ்கர் 2015 டிசம்பரில் போனார். தாதே 2018 மே மாதம், தேவ் அதே வருஷம் அக்டோபரில். காக்கூ அவர்களுக்கெல்லாம் முன்பே. துளசிபாக்கில் பித்தளைச் சொப்பு இன்னும் விற்கிறது. இப்போது அதில் கேஸ் அடுப்பும் மிக்ஸியும் வந்துவிட்டன. திரிகை மட்டும் மாறவில்லை, அதை எதற்கு என்று வாங்குகிற குழந்தைக்கும் தெரிவதில்லை, விற்கிற பையனுக்கும் தெரிவதில்லை.

பாட்டைக் கேட்டுப் பாருங்கள், மராட்டி தெரிய வேண்டாம், வரிகள்தான் திரையிலேயே வருகின்றனவே. இரண்டாம் சரணம் வரை பொறுமையாக இருங்கள். ராஜா இரண்டு முறை பேசுகிறான், கதைசொல்லி நடுநடுவே புகுந்து கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். ராணி பேசுவது ஒரே ஒரு முறை. முழுப் பாட்டிலும் பேசியபடி நடந்தது அது ஒன்றுதான்.